உண்டியலில் கொடுத்த 4,200 வெள்ளி ஊர் போய்ச் சேரவில்லை: இனி என்ன செய்வது?

"அண்ணே, தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிற ஆள் மூலமாத்தான் ஊருக்குப் பணம் போடுவேன். ரேட் நல்லா குடுப்பார். மூணு தடவை ஒழுங்காப் போச்சு. பிப்ரவரியில் 1,800 வெள்ளி பேநவில் போட்டேன், மார்ச்சில் 2,400 வெள்ளி கையில் கொடுத்தேன். அப்பாவுக்கு ஒரு ரூபாய்கூட வரலை. கேட்டா 'நாளைக்கு' என்கிறார். ரசீது இல்லை. போலீஸுக்குப் போனா என் பெர்மிட்டுக்குப் பிரச்சினை வருமா? பெர்மிட் நவம்பரில் முடியுது. பணம் திரும்பக் கிடைக்குமா?"

தம்பி, முதலில் பெர்மிட் பயத்தைப் பேசிவிடுவோம். அந்தப் பயத்தில்தான் பலர் ஆறு மாதம் சும்மா இருந்துவிடுகிறார்கள். உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது இங்கே சிங்கப்பூரில் குற்றம். 2020 ஜனவரி 28இல் நடப்புக்கு வந்த கட்டணச் சேவைகள் சட்டத்தின்படி, தனி ஆளுக்கு 125,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் குறி வைப்பது தொழில் நடத்துகிறவரை. உங்கள் சம்பளத்தை உங்கள் அப்பாவுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்த நீங்கள் அந்தத் தொழில் நடத்தவில்லை. நீங்கள் பணம் இழந்தவர்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 4,200 வெள்ளி முழுவதும் உங்கள் பணமா? விடுதியில் அறைக்காரர்கள் நாலு பேரிடம் வாங்கிச் சேர்த்துக் கொடுத்து, அதற்கு நீங்கள் ஐந்து பத்து வெள்ளி எடுத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்படி வாங்கிக் கொடுப்பதே உரிமமில்லாத தொழிலின் ஒரு கையாகப் பார்க்கப்படலாம். அந்த நிலைமை என்றால் காவல் நிலையத்துக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடமோ, வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் கவலைப்படாமல் மேலே படியுங்கள்.

நான் சிராங்கூன் சாலையில் உரிமம் உள்ள ஒரு ரெமிட்டன்ஸ் கடையின் கவுண்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். உரிமம் இல்லாத இந்த உண்டியல் முறையில் உங்கள் பணம் கடல் தாண்டுவதில்லை. இங்கே இருப்பவர் உங்கள் வெள்ளியை வாங்கி வைத்துக்கொள்வார். ஊரில் இருக்கும் அவருடைய ஆளுக்கு ஒரு செய்தி போகும். அந்த ஆள் தன் கையில் இருக்கும் ரூபாயை எடுத்து உங்கள் வீட்டில் கொடுப்பார், அல்லது யாரோ ஒருவர் கணக்கிலிருந்து உங்கள் அப்பா கணக்கில் போடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்வார்கள். ஆக, பணம் வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இங்கிருப்பவர் செய்தியே அனுப்பவில்லை, அல்லது அங்கிருப்பவர் கொடுக்கவில்லை.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. "போட்டாச்சு" என்று அவர் சொன்னால், "பேங்கில் போட்டதுக்கான யுடிஆர் எண் கொடுங்க, அப்பா பேங்கில் கேட்கட்டும்" என்று கேளுங்கள். கையில் கொடுக்கும் வழி என்றால் பத்து ரூபாய் நோட்டின் எண்ணை அடையாளமாக வைப்பது பழக்கம். அந்த எண்ணையும், கொண்டு வரும் ஆளின் தொலைபேசி எண்ணையும் கேளுங்கள். செய்தி போயிருந்தால் இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் போதும். இரண்டு மாதமாக எதையும் தர முடியவில்லை என்றால், என் அனுபவத்தில், உங்கள் வெள்ளி தேக்காவைத் தாண்டவே இல்லை. வேறு யாருக்கோ கொடுக்க வேண்டியதை அடைக்க உங்கள் பணத்தை எடுத்திருப்பார். முதல் மூன்று தடவை ஒழுங்காகப் போனதும் இன்னொருவர் பணத்தில் போனதாக இருக்கலாம்.

அந்த 'நல்ல ரேட்'டையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் 65 ரூபாய் இருந்த அன்று அவர் 66 கொடுத்தார் என்று வையுங்கள். 4,200 வெள்ளிக்கு உங்களுக்கு மிச்சம் 4,200 ரூபாய். அதற்காக மாட்டிக்கொண்டது 2,73,000 ரூபாய். குத்திக்காட்டச் சொல்லவில்லை. கவுண்டரில் நான் எத்தனையோ பேரிடம் சொல்லியும் தோற்ற கணக்கு இது.

இனி வேலை. முதல் வேலை போலீஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. அவர் இன்னும் போன் எடுக்கிறார், 'நாளைக்கு' என்கிறார். அது உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. ரசீது இல்லாத குறையை அவர் வாயாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். இனி போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். கோபமில்லாமல், தேதி, தொகை, நோக்கம் மூன்றும் இருக்கும்படி எழுதுங்கள். மாதிரிக்கு:

"அண்ணே, ஊரில் அப்பாவுக்கு அனுப்பச் சொல்லி பிப்ரவரி 8ஆம் தேதி பேநவில் 1,800 வெள்ளியும், மார்ச் 9ஆம் தேதி உங்க கடையில் வைத்துக் கையில் 2,400 வெள்ளியும் கொடுத்தேன். இரண்டும் இன்னும் போய்ச் சேரலை. என்னைக்கு அனுப்புவீங்க, இல்லைன்னா 4,200 வெள்ளியை என்னைக்குத் திருப்பித் தருவீங்க?"

தேதிகளை உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துச் சரியாகப் போடுங்கள். அவர் "கொஞ்சம் பொறு தம்பி, வெள்ளிக்கிழமை தர்றேன்" என்று ஒரு வரி அனுப்பினாலே, கையில் கொடுத்த 2,400 வெள்ளியை அவர் மறுக்கவில்லை என்று காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும். செய்தி தானாக மறையும் அமைப்பு அந்த உரையாடலில் போட்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். பழைய உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று தடவை ஒழுங்காகப் போன செய்திகளையும் சேர்த்து வையுங்கள். இவர் வழக்கமாக இந்த வேலை செய்கிறவர் என்பதை அவைதான் காட்டும். கையில் கொடுத்த அன்று ஏடிஎம்மில் 2,400 எடுத்த பதிவு, கூட வந்த நண்பர், இவையும் சாட்சிதான்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு பொறி வரும். அழுத்தம் கூடினால் அவரே ஒரு தாளை நீட்டுவார்: "நான் இன்னாரிடம் 4,200 வெள்ளி கடன் வாங்கினேன், மூன்று மாதத்தில் தருகிறேன்." கையெழுத்துக் கிடைத்ததே என்று சந்தோஷமாக வாங்கி வருவீர்கள். வாங்காதீர்கள். அந்தக் 'கடன்' என்ற ஒரு சொல் உங்கள் வழக்கையே மாற்றிவிடும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் கடன் வழக்குகளை எடுப்பதில்லை. ஒரு சேவைக்குப் பணம் கொடுத்து அந்தச் சேவை நடக்கவில்லை என்பதை எடுக்கும். போலீஸிலும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் இருவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்" என்று சொல்லச் சுலபமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கட்டுமான ஊழியர் 6,000 வெள்ளிக்கு இப்படி ஒரு தாளை வாங்கி வந்து, இருபது வெள்ளிக் கட்டணத்தில் முடிந்திருக்கக்கூடிய வழியை விட்டுவிட்டு, மேஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எழுதித் தருவதாக இருந்தால் வாசகம் இப்படி இருக்கட்டும்: இந்தியாவுக்கு அனுப்புவதற்காக இன்ன தேதிகளில் இவ்வளவு பெற்றேன், அனுப்பவில்லை, இன்ன தேதிக்குள் முழுத் தொகையைத் திருப்பித் தருகிறேன். கீழே அவருடைய முழுப் பெயர், அடையாள எண், முகவரி. இந்த மூன்றும் பின்னால் பணத்தைவிட அரிதாகிவிடும்.

மூன்று நான்கு நாளுக்கு மேல் இதற்குச் செலவிட வேண்டாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்தது போலீஸ் புகார். அவர் போனை அணைத்துவிட்டார், கடையில் ஆளைக் காணோம் என்றால் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் நேரிலும் கொடுக்கலாம், சிங்பாஸ் இருந்தால் இணையத்திலும் கொடுக்கலாம்.

புகாரில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "பணம் தர வேண்டியவர் தரவில்லை" என்று சொன்னால் அது கடன் பிரச்சினையாகக் காதில் விழும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: அப்பாவிடம் சேர்ப்பதற்கென்று நம்பி ஒப்படைத்தேன், அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை, போட்டுவிட்டதாகப் பொய் சொன்னார், அவரிடம் உரிமம் இல்லை. ஒரு காரியத்துக்காக ஒப்படைத்த பணத்தை நேர்மையின்றி வேறு வழியில் எடுத்துக்கொள்வது குற்றவியல் சட்டத்தில் நம்பிக்கை மோசடி. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது ஏமாற்றுக் குற்றம். எது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். உரிமம் உண்டா என்பதைப் போகும் முன் நீங்களே பார்த்துவிடலாம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பக்கத்தில் Financial Institutions Directory என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கடைப் பெயரைத் தட்டி, இல்லை என்று வரும் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் பேநவில் போட்டபோது திரையில் வந்த பெயர் அவருடைய பெயர்தானா? பல ஆட்கள் இன்னொருவர் கணக்கைத்தான் கொடுப்பார்கள். பெயர் வேறாக இருந்தால் அதைப் புகாரில் தனியாக எழுதுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். இவ்வளவு நாள் கழித்து வங்கி அந்தப் பணத்தை இழுத்துத் தராது, கணக்குக்காரர் முகவரியையும் உங்களிடம் சொல்லாது. ஆனால் அந்தக் கணக்கை முடக்கும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. விசாரணையில் இருப்பவரின் கடவுச்சீட்டை வாங்கி வைக்கும் அதிகாரமும் உண்டு. அந்த ஆள் ஊருக்குப் பறந்துவிடுவாரோ என்ற பயம் உங்களுக்கு இருந்தால், அதைத் தடுக்கக்கூடிய கதவு இது ஒன்றுதான்.

போலீஸ் உங்கள் பணத்தை வசூலித்துத் தரும் அலுவலகம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வழக்கு நடந்து அவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், இழந்தவருக்கு ஈடு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கு மாதங்களும் ஆகும், வருடமும் ஆகும். உங்களுக்கோ நவம்பர் வரைதான். அதனால் புகாரைக் கொடுத்துவிட்டு அதன் முடிவுக்குக் காத்திருக்காமல், கூடவே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போங்கள். ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

அந்த மன்றம் 20,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளைக் கேட்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, அவரும் வைக்க முடியாது. உங்களைப் போன்ற தனி ஆளுக்கு 5,000 வெள்ளிக்குக் கீழே என்றால் கட்டணம் பத்து வெள்ளி. மனுவை CJTS என்ற இணைய வாசலில் சிங்பாஸ் மூலம் போட வேண்டும். கோர வேண்டியது நீங்கள் கொடுத்த 4,200 வெள்ளி. அவர் சொன்ன ரேட்டில் ரூபாய்க் கணக்குப் போட்டு, ஊரில் வட்டிக்கு வாங்கியதையும் சேர்த்துக் கேட்டால் வழக்குச் சிக்கலாகும். கொடுத்தது வேண்டும் என்று மட்டும் நில்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முழுவதையும் மொழிபெயர்க்கச் செலவழிக்காமல், தொகையும் ஒப்புதலும் வரும் பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்.

"உரிமம் இல்லாத ஆளோடு செய்த ஒப்பந்தம் செல்லுமா?" என்று அவரே எதிர்வாதம் வைக்கலாம். சட்ட விரோதத் தொழிலை அவர் நடத்திவிட்டு, அதையே காட்டிப் பணத்தை வைத்துக்கொள்ளப் பார்ப்பது வேடிக்கைதான். ஆனால் வாதம் சும்மா வருவதில்லை. சட்டத்தை மீறிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றிக் கொடுக்க மறுக்கலாம். அதனால்தான் "ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள்" என்று கேட்காமல், "கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்" என்று கேட்கச் சொல்கிறேன். ஒப்பந்தம் நிற்காவிட்டாலும் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது தனி உரிமை என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் விளக்கியிருக்கிறது. எல்லா வழக்கிலும் கிடைத்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் வேறு. யார் மேல் மனு? 'பாலா அண்ணன்' என்ற பெயரில் மனுப் போட முடியாது. அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும், மனுவைச் சேர்ப்பிக்க ஒரு முகவரியும் வேண்டும். போலீஸ் அதை எடுத்துத் தராது. அவர் மளிகைக் கடையில் நிற்கிறவர் என்றீர்கள். கடைப் பலகையில் இருக்கும் பெயரை Bizfile தளத்தில் தேடினால், சில வெள்ளிக் கட்டணத்தில் உரிமையாளர் பெயரும் பதிவு முகவரியும் கிடைக்கும். அவரே உரிமையாளர் என்றால் வேலை முடிந்தது. அவர் சம்பளத்துக்கு நிற்பவர் என்றால் முதலாளி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பார். அப்போதும் முதலாளியைப் போய்ப் பார்ப்பது வீண் இல்லை. தன் கடையில் உண்டியல் நடந்தது வெளியே வருவதை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார். நான் பார்த்ததில் பாதி வழக்கு இந்த இடத்தில்தான் பேசி முடிந்திருக்கிறது. பேசப் போகும்போது "பணம் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அது உங்கள் மேலேயே திரும்பும்.

மன்றத்தில் முதலில் பதிவாளர் முன் இருவரையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இங்கே அவர் "மாதம் 300 வெள்ளி தருகிறேன்" என்பார். 4,200க்கு அது பதினான்கு மாதம். உங்கள் பெர்மிட் அதற்குள் முடிந்துவிடும். பெரிய தொகை ஒன்று உடனே, மீதி நவம்பருக்குள் மூன்று நான்கு தவணை என்று கேளுங்கள். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் அன்றே கட்ட வேண்டும் என்ற வரியை உத்தரவில் எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கும்.

உத்தரவு கிடைத்தும் அவர் கட்டவில்லை என்றால், அவர் வங்கிக் கணக்கையோ பொருளையோ பிடிக்கத் தனியாக மனுப் போட வேண்டும். அதற்குத் தனிச் செலவு உண்டு. பிடிக்க அவரிடம் ஏதாவது இருக்கவும் வேண்டும். சொந்தக் கடை உள்ளவரிடம் அந்த உத்தரவுக்கு மதிப்பு அதிகம். அவரும் உங்களைப் போல் பெர்மிட்டில் வந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டால், உங்கள் கையில் மிஞ்சுவது தாள்தான். முழுத் தொகை வரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பாதி ரொக்கமாக நாளைக்கே தருகிறேன் என்று அவர் வந்தால், ஆளைப் பொறுத்து அதை வாங்கிக்கொள்வதும் புத்திசாலித்தனம்தான். அப்போது 'பகுதித் தொகை' என்று எழுதி வாங்குங்கள், 'முழுத் தீர்வு' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் படத்தையும் அடையாள எண்ணையும் பேஸ்புக்கில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒருவரைத் துன்புறுத்த அவர் விவரங்களை வெளியிடுவது இங்கே தனிக் குற்றம், பணம் இழந்தவரே குற்றவாளியாக நிற்க வேண்டி வரும். "நாங்கள் வசூலித்துத் தருகிறோம், முதலில் 300 வெள்ளி கட்டுங்கள்" என்று வரும் ஆட்களும் அடுத்த உண்டியல்தான்.

ஊரில் அப்பாவையும் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். அங்கே உள்ள ஆளைத் தேடிப் போய்ச் சண்டை போடவோ, அங்கே புகார் கொடுக்கவோ அவசரப்பட வேண்டாம். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் அங்கீகாரம் இல்லாத வழியில் பணம் வாங்குவதே மீறல். அதற்கு அபராதம் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். முன்பு ஒழுங்காக வந்த மூன்று தடவையும் அந்தக் கணக்கில்தான் சேரும். அப்பாவின் வங்கிக் கணக்கு இப்போது வேலை செய்கிறதா என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உண்டியல்காரர்கள் போடும் ரூபாய் சில சமயம் இணைய மோசடியில் திருடிய பணமாக இருக்கும். அப்போது திருட்டுக் கொடுத்தவர் புகாரில் அப்பாவின் கணக்கு முடங்கும். முடங்கியிருந்தால் எந்த ஊர் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்று வங்கியில் எழுதி வாங்கி, உங்கள் பேநவ் பதிவுகளோடு அந்த நிலையத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு ஊரில் ஒரு வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும்.

மன்றத்துக்கு நீங்களே நேரில் வர வேண்டும், வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். அதனால் நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்த வாரம் வாட்ஸ்அப் செய்தியும் போலீஸ் புகாரும், அடுத்த வாரம் கடைப் பதிவு விவரமும் CJTS மனுவும். சிங்பாஸ் இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்று மாலையே எடுங்கள். ஆங்கிலத்தில் நிரப்பத் தயக்கம் என்றால் சிராங்கூன் சாலையில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 6536 2692 என்ற எண்ணில் கூப்பிட்டு, தமிழ் பேசுகிறவரைக் கேளுங்கள்.